தக்க காரணம் இருப்பின்

நாலு பேருக்கு நேர்காணல் கடிதம் போயிருந்தது. வந்தவர்கள் மூன்று பேர். வராதவன் அருள்நாதன், வடமதுரைக்குத் தெற்கே ஒரு சேரியிலிருந்து மனுப் போட்டிருந்தவன். நாலு மனுக்களிலும் அவன் மதிப்பெண்தான் மேலே நின்றது. கணக்கில் எண்பத்தொன்று, ஆசிரியர் பயிற்சியில் முதல் வகுப்பு. ஒரே ஒரு வேலை காலியாக இருந்த பள்ளியில், முதலாவதாக நின்றவன் வரவும் இல்லை, வரவில்லை என்று ஒரு வரி எழுதவும் இல்லை.

திண்டுக்கல் டவுனில் கோயிலை ஒட்டியிருந்த அந்தப் பள்ளிக்கு ஞானப்பிரகாச சாமியார் தாளாளர். பங்குச் சாமியாரும் அவரே. இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே எழுத்தர், ஆரோக்கியதாஸ். பள்ளிக் கடிதமா, ஞானஸ்நானச் சான்றா, ஏழைகளுக்குக் கொடுக்க அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கும் பால்பவுடருக்கும் சோளமாவுக்கும் பெயர் எழுதுவதா, எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். பதினாறு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சாமியாருடைய வலது கையைப் போல ஆகிவிட்டிருந்தார். தாம் ஒரு நல்ல மனிதர் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இந்தக் கதையில் அதுதான் கெட்ட சமாச்சாரம்.

வராதவன் பேரை அடித்துவிடலாம் என்றார் தலைமையாசிரியர் இன்னாசிமுத்து. அவருக்கு வந்த மூவரில் கொடைரோட்டுக்காரர் ஒருவரைப் பிடித்திருந்தது. அதை நேரடியாகச் சொல்லாமல், அந்த சனங்களுக்கு நேரம் காலம் எல்லாம் எங்கே தெரியப் போகிறது, இன்றைக்கு வராதவன் நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்துவிடுவானா என்று பேச்சோடு பேச்சாகப் போட்டார்.

ஆரோக்கியதாஸுக்குச் சுருக்கென்றது. மனுவில் 'கிறிஸ்தவர், ஆதி திராவிடர்' என்று எழுதியிருந்ததைத் தலைமையாசிரியர் படித்துவிட்டார் என்பது புரிந்தது. திருப்பலியில் ஒரே பெஞ்சில் முட்டி போடுகிறவர்கள் அப்பத்தை வாங்கின கையோடு இப்படிப் பேசுவதை அவர் வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறார். தாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரில்லை என்று வாழ்நாளெல்லாம் நினைத்தும் இருக்கிறார். அன்று சாயங்காலமே சாமியார் தியானத்துக்கு மதுரை போய்விட்டதால் முடிவு தள்ளிப்போனது. சனிக்கிழமை பொழுது சாய அவர் திரும்பி வந்ததும், கைகழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் ஆரோக்கியதாஸ் பேச்சை எடுத்தார். தபால் தவறியிருக்கலாம். வீட்டில் சாவு விழுந்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்காமல் அடிப்பது தருமமில்லை. கேட்டுப் பார்த்து, காரணம் சரியாக இருந்தால் இன்னொரு நாள் கொடுப்போம், இல்லாவிட்டால் மற்றவரைப் போடுவோம். பள்ளி திறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறதே.

சாமியார் கறாரான மனிதர். கறார் என்றால் கெட்டவர் என்று அர்த்தமில்லை. சொன்னால் சொன்ன நேரம், கேட்டால் கேட்ட பதில் என்று இருப்பவர். செத்த நேரம் யோசித்துவிட்டு, எழுது, ஆனால் கெஞ்சாதே என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஆரோக்கியதாஸ் அந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதினார். முதலில் எழுதியது போலீஸ் சம்மன் மாதிரி இருந்தது. இரண்டாவது, மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதியதைப் போல இருந்தது. மூன்றாவதுதான் அவருக்குத் திருப்தியானது:

'சென்ற மே மாதம் 28ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நடந்த நேர்காணலுக்குத் தாங்கள் வரவில்லை. வர இயலாமை குறித்து முன்னதாகவோ பின்னதாகவோ தங்களிடமிருந்து தகவலும் இல்லை. எங்கள் கடிதம் தங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். அல்லது உடல்நலக் குறைவு போன்ற தவிர்க்க முடியாத இடையூறு ஏதும் நேர்ந்திருக்கலாம். தக்க காரணம் இருப்பின், இம்மாதம் 9ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். காரணம் ஏற்கத்தக்கதாயின் வேறொரு நாள் தரப்படும். பதில் வராவிடில், தங்களுக்கு இவ்வேலையில் விருப்பமில்லை எனக் கொள்ளப்படும்.'

இடையூறு என்ன என்பதையும் தாமே எடுத்துக் கொடுத்திருந்ததில் ஆரோக்கியதாஸுக்குக் கொஞ்சம் பெருமை. பயந்த பிள்ளையாக இருந்தால் எப்படித் தொடங்குவது என்று திணறுமே, ஒரு வழி காட்டுவோமே என்றுதான். சாமியாரிடம் கையெழுத்து வாங்கி, தாமே தபாலாபீசுக்கு நடந்து போய், தபாலில் சேர்த்ததற்கு முத்திரை குத்திய சீட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். முதல் கடிதத்துக்கும் அதே மாதிரி சீட்டு அவரிடம் இருந்தது. பின்னால் எவனும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது பாருங்கள்.

வியாழக்கிழமையே பதில் வந்துவிட்டது. நாலே வரி, குண்டு குண்டான எழுத்து. அன்றைய தினம் கடும் காய்ச்சல் கண்டு படுக்கையில் இருந்தபடியால் வர இயலவில்லை. முன்கூட்டித் தெரிவிக்காதது தன் தவறு. மன்னித்து இன்னொரு வாய்ப்பு அருள வேண்டும். ஆரோக்கியதாஸ் அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறை வழியாக, வேண்டுமென்றே அந்த வழியாகத்தான், சாமியாரிடம் போனார். பதினோராம் தேதி திங்கட்கிழமை பத்து மணி என்று சாமியார் சொன்னார். அன்றே கடிதம் போனது. அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு ருசித்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சோளமாவு கொடுப்பதற்குப் பெயர்ப் பட்டியல் எழுதும் நாள். ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் ஏழை சனங்கள், 'இந்தக் குடும்பம் கஷ்டப்பட்ட குடும்பம்' என்று தங்கள் ஊர்க் கோயில் உபதேசியாரிடம் ஒரு கடிதாசி வாங்கி, நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அலுவலக சன்னலில் அதை நீட்டுவார்கள். ஆரோக்கியதாஸ் வாங்கி ஒரு கம்பியில் குத்திவிட்டு, சனிக்கிழமை வா என்பார். சரக்கு ஐம்பது குடும்பத்துக்குத்தான் வரும். கடிதாசி அதைவிட அதிகமாக வந்தால் மீதி அடுத்த வாரத்துக்குப் போகும். போன வாரம் அப்படி மீதியானவை கம்பியின் அடியில் கிடந்தன.

ஒவ்வொன்றாக உருவிப் பிரித்து எழுதிக்கொண்டே வந்தார். அகரம், சின்னக்கண்ணு, ஆறு பேர். வடமதுரை, மூக்கையா, நாலு பேர். அடுத்ததைப் பிரித்தார். பள்ளியின் பெயர் அச்சிட்ட தாள். கீழே அவருடைய கையெழுத்திலேயே, 'திரு. அ. அருள்நாதன் அவர்களுக்கு, மே 28 காலை பத்து மணிக்கு நேர்காணலுக்கு வரவும். வரும்போது இக்கடிதத்தைக் கொண்டு வரவும்.'

தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை படித்தார்.

அந்தத் திங்கட்கிழமை சன்னலில் நாற்பது பேருக்குக் குறையாமல் முண்டினார்கள். கோடை, வேலை வெட்டி இல்லாத மாசம். அந்த நெரிசலில் ஒருவன் நின்றான். ஒடிசலாக, கறுப்பாக, தோள்பட்டையில் ஒட்டுப்போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் மஞ்சள் பை. நாலாக மடித்த தாளை நீட்டினான். ஆரோக்கியதாஸ் தாளைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தார், அது போதுமாயிருந்தது. வாங்கிக் கம்பியில் குத்தினார். சனிக்கிழமை வா என்றார். "சார், நானு..." என்று அவன் ஆரம்பித்தான். "சனிக்கிழமைன்னு சொன்னேன்ல. நகரு, பின்னால ஆளு நிக்கிது" என்றார். அவன் நகர்ந்தான். நேர்காணலுக்கு வந்த மற்ற மூவரும் அதே நேரத்தில் வராந்தாவில், பியூன் பொம்மையன் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட சன்னலுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவர்களிடம் சனிக்கிழமை வா என்று ஆரோக்கியதாஸ் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் அவரைக் குடைந்தது. காய்ச்சலாவது கீய்ச்சலாவது. அவன் வந்தான், இவர்தான் சோளமாவுக்கு வந்தவன் என்று அனுப்பிவிட்டார்.

உடனே போய்ச் சாமியாரிடம் சொல்லியிருக்கலாம். எழுந்துகூட நின்றார். ஆனால் எழுந்த இடத்திலேயே மனம் வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கியது. பையனுக்குத்தான் மறு தேதி கிடைத்துவிட்டதே. மதிப்பெண் இருக்கிறது, வேலை அவனுக்கே கிடைக்கும். கிடைத்தபிறகு தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் ஆயிற்று. இப்போது போய்ச் சொன்னால், காய்ச்சல் என்று அவன் எழுதியது பொய்யாகிவிடும், அவனுக்குத்தானே கெடுதல்? ஆகச் சொல்லாமல் இருப்பதே அவனுக்குச் செய்கிற உதவி என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார். கோழையானவனுக்கு யோசனை வந்து குவிவதைப் போல வேறு யாருக்கும் குவிவதில்லை. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பெயரை எழுதினார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே அருள்நாதன் வந்துவிட்டான். அதே சட்டை, வெளுத்துத் தேய்த்திருந்தது. இந்தத் தடவை சன்னல் பக்கம் போகாமல் வராந்தாவில் தூணோரம் நின்றான். ஆரோக்கியதாஸே வெளியே போய், வாங்க தம்பி, உட்காருங்க என்றார். அவன் அவரை ஒரு கணம் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்க வாங்கி வைத்துக்கொண்டு, அவர் குறிப்பெழுத உள்ளே போய் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார்.

நேர்காணல் நன்றாகத்தான் போனது. பின்னக் கணக்கை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பாய் என்று சாமியார் கேட்டார். ஒரு கொய்யாப் பழத்தை வைத்து அவன் சொன்ன விதத்தில் சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஞானோபதேசம் கேட்டார், தடுமாறாமல் சொன்னான். ஆரோக்கியதாஸின் நெஞ்சில் இருந்த கல் இறங்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் அதுவரை பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த இன்னாசிமுத்து வாயைத் திறந்தார். தம்பியை எங்கேயோ பார்த்தது போல இருந்தது, இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றார். மே இருபத்தெட்டாம் தேதி காலையில் தாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைகிறபோது, இதே பையன் வெளியே போய்க்கொண்டிருந்தான். ஒதுங்கி நின்று கைகூப்பித் தோஸ்திரம் சொன்னான். கக்கத்தில் மஞ்சள் பை. அன்றைக்குப் படுக்கையில் கிடந்ததாக அல்லவா எழுதியிருக்கிறது?

சாமியார் கடிதத்தை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தார்.

"நெசமா?"

"நெசந்தான் சாமி. வந்தேன்."

"அப்ப காய்ச்சல்?"

"இல்ல சாமி."

"பொய்யா எழுதுன. சரி, வாசல் வரைக்கும் வந்தவன் ஏன் உள்ள வரல? அதைச் சொல்லு, கேக்குறேன்."

அருள்நாதன் தலையை நிமிர்த்தினான். சாமியாரைப் பார்க்கவில்லை, மேஜை ஓரத்தைப் பார்த்தான். ஆரோக்கியதாஸ் பேனா முனையில் ஏதோ நார் ஒட்டியிருப்பதைப் போல அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. 'நான்தான் சாமி அனுப்பிவிட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. சட்டைப் பையில் அத்தாட்சியும் இருந்தது. சாமியார் திட்டுவார், அவ்வளவுதான். வேலைச் சீட்டைக் கிழிக்க மாட்டார். அது ஆரோக்கியதாஸுக்குத் தெரியும். ஆனால் இன்னாசிமுத்து எதிரில் இருந்தார். பத்து நாளாக எந்த மனிதருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாரோ, அந்த மனிதருக்கு முன்னால், நானும் உன்னைப் போலத்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாக்கு எழவில்லை. தம் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது, அப்படியும் எழவில்லை.

அருள்நாதன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டான்.

"பயமா இருந்துச்சு சாமி. திரும்பிட்டேன்" என்றான்.

சாமியார் கடிதத்தைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. பயந்தேன் என்று எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன் என்றார். காரணம் கேட்டு எழுதியது நம்பித்தானே, அந்த நம்பிக்கைக்குப் பொய்யைப் பதிலாக அனுப்புகிறவனிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்றார். போய் வா, ஆண்டவர் உன்னோடு இருப்பாராக என்றார். அவன் குனிந்து தோஸ்திரம் சொல்லிவிட்டு வெளியே போனான்.

கொடைரோட்டுக்காரருக்கு நியமன உத்தரவு எழுதச் சொல்லிவிட்டு, சாமியார் ஆரோக்கியதாஸைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கனிவு இருந்தது.

"உனக்கு எளகின மனசு. அதுக்கு இதான் பலன். இனிமே வராதவனுக்குக் காரணம் கேட்டு எழுதற வேல வேண்டாம். வரலேன்னா பேர அடிச்சிரு."

"சரி சாமி" என்றார் ஆரோக்கியதாஸ்.

இன்னாசிமுத்து கொடைரோட்டுக்காரர் மனுவை எடுத்து மேலே வைத்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அருள்நாதன் சான்றிதழ்களுக்காக அலுவலகத்தில் எழுத்தர் மேஜை அருகில் நின்றுகொண்டிருந்தான். ஆரோக்கியதாஸ் அவற்றை எண்ணி எடுத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். அவன் குனிந்து கையெழுத்துப் போடும்போது, யாருக்கும் கேட்காத குரலில், நடந்ததை நீ ஏன் அப்படியே எழுதவில்லை என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற தோரணை அதிலும் கொஞ்சம் வந்துவிட்டது.

அவன் கையெழுத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"தக்க காரணம்னு போட்டிருந்தீக. என்னய மாவு வாங்க வந்தவன்னு வெரட்டிட்டாகன்னு எழுதுனா, அது தக்க காரணமா சார்? கடிதாசியப் பிரிக்கிறதே நீங்கதான். வேல கெடச்சாலும் மாசாமாசம் ஒங்க சன்னல்லதான் சம்பளம் வாங்கணும். ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம்னு நீங்களே எழுதியிருந்தீக, அதயே எடுத்துக்கிட்டேன்." நிறுத்தி, சான்றிதழ்களைப் பையில் ஒவ்வொன்றாக வைத்தான். "சனிக்கிழம வரச் சொன்னீகளேன்னு அன்னைக்கும் வந்தேன். நேர்காணலத்தான் தள்ளி வச்சிருக்காகன்னு நெனச்சேன். அந்தப் பியூனு மாவு வரிசையில நிக்கச் சொன்னாரு. பன்னெண்டு மணி வரைக்கும் நின்னேன். பேரு கூப்பிடல."

ஆரோக்கியதாஸ் பதிவேட்டை மூடித் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உள்ள சாமி கேக்கும்போது, ஒங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும் சார். காலையில உக்காருங்கன்னு சொன்னீகளே, அப்பவே தெரியும். நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

சொல்லிவிட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினான். சன்னலில் மூன்று நான்கு பேர் கடிதாசியோடு வந்து நின்றார்கள். ஆரோக்கியதாஸ் அவர்களைத் தாண்டி வராந்தாவின் முனை வரைக்கும் வேகமாகப் போனார். தம்பி என்று கூப்பிட்டார். அவன் நின்று திரும்பினான். என்னை மன்னித்துவிடு, வா, சாமியாரிடம் போவோம், நான் சொல்கிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டார். சத்தியமாக அதற்குத்தான். உள்ளேயிருந்து இன்னாசிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"வடமதுரை பஸ்ஸு பதினொன்னே காலுக்கு" என்றார் ஆரோக்கியதாஸ். "வெரசாப் போனா பிடிச்சிரலாம்."

"தெரியும் சார்" என்றான் அருள்நாதன்.